ஐந்து பேர் பொங்கலை 120 பேருக்கு ஆக்கிய கணக்கு

ஆறாம் வகுப்பின் முதல் பருவத்தில் விகிதமும் விகித சமமும் வரும். பல வருடங்கள் நான் இதைப் பேனா விலை, பென்சில் விலை என்றுதான் நடத்தினேன். பிள்ளைகள் குறுக்கே பெருக்கி விடையும் கொண்டுவந்து விடுவார்கள். ஆனால் கேள்வியைக் கொஞ்சம் திருப்பிக் கேட்டால் கூட்டத் தொடங்குவார்கள்.

இந்த வருடம் என் வகுப்பு மாணவி ஒருத்தி, தம்பிக்குக் காதுகுத்து, குலதெய்வக் கோயிலில் 120 பேருக்குச் சாப்பாடு என்று சொன்னாள். சக்கரைப் பொங்கலை அவள் அப்பத்தாதான் செய்யப்போகிறார். சாமான் பட்டியலை நம் வகுப்பே போட்டுத் தருகிறோம் என்று சொல்லி அனுப்பினேன். மறுநாள் வீட்டு அளவை எழுதிக்கொண்டு வந்தாள். வீட்டில் ஐந்து பேர். பச்சரிசி 200 கிராம், பாசிப்பருப்பு 50 கிராம், வெல்லம் 300 கிராம், நெய் 50 கிராம், தண்ணீர் ஆறு டம்ளர்.

பட்டியலுக்குப் போகும் முன் ஒன்றைக் கேட்டேன். 200-க்கு 50 என்றால் நான்குக்கு ஒன்று. நான்கு டம்ளர் அரிசிக்கு ஒரு டம்ளர் பருப்பு. அரிசி எட்டு டம்ளர் ஆனால் பருப்பு எவ்வளவு? வகுப்பில் பாதிக்கு மேல் ஐந்து என்றார்கள். அரிசியில் நான்கு கூடியது, அதனால் பருப்பிலும் நான்கு கூட்டினேன் என்று ஒரு பையன் தெளிவாக விளக்கினான். இது கவனக்குறைவால் வரும் தவறு இல்லை. இரண்டு பக்கமும் ஒரே அளவு கூட்டினால் சமம் கெடாது என்பது, சமன்பாட்டுக்கு நாம் சொல்லிக்கொடுத்த நியாயம்தான். அதை அவர்கள் இங்கேயும் கொண்டுவருகிறார்கள். கரும்பலகையில் எத்தனை முறை அடித்துத் திருத்தினாலும் அது போகாது.

அதனால் மறுநாள் பானகம் கரைத்தேன். முதல் பாத்திரத்தில் நான்கு டம்ளர் தண்ணீருக்கு ஒரு கரண்டி பொடித்த வெல்லம். இரண்டாவதில் எட்டு டம்ளருக்கு ஐந்து கரண்டி, அதாவது கூட்டியவர்களின் அளவு. மூன்றாவதில் எட்டு டம்ளருக்கு இரண்டு கரண்டி. முதலாவதின் ருசி எதில் வரும் என்று முதலில் எல்லாரையும் நோட்டில் எழுதவைத்தேன். எழுதாமல் குடித்தால், எனக்கு முன்னாடியே தெரியும் என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். இரண்டாவது பாத்திரத்தைக் குடித்த அந்தப் பையன் முகத்தைச் சுளித்து, "டீச்சர், இது பாகு" என்றான். பிறகு தானாகவே கணக்குப் போட்டான். முதலாவதில் ஒரு கரண்டிக்கு நான்கு டம்ளர், இரண்டாவதில் ஒரு கரண்டிக்கு இரண்டு டம்ளர்கூட இல்லை. ஓரலகு முறை அவன் வாயிலிருந்தே வந்தது. நான் பெயர் மட்டும் சொன்னேன்.

அப்புறம் பட்டியல். 5 பேர் எங்கே, 120 பேர் எங்கே? 24 மடங்கு. அரிசி 4 கிலோ 800 கிராம், பருப்பு 1 கிலோ 200 கிராம், வெல்லம் 7 கிலோ 200 கிராம். பெருக்கலில் பிழையே இல்லை. எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. அதை வாங்கிப் பார்த்த அப்பத்தா பேத்தியோடு பள்ளிக்கே வந்துவிட்டார். "ஏன் டீச்சர், இலையில ஒரு கரண்டிதான வைக்கப்போறோம்? அஞ்சு கிலோ அரிசியப் போட்டா ஊருக்கே ஊத்தலாமே" என்றார்.

இந்தப் பாடத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வீட்டில் பொங்கல்தான் அன்றைய காலைச் சாப்பாடு. பந்தியில் அது இலையின் ஓரத்தில் வைக்கும் இனிப்பு. சாதம், சாம்பார், கூட்டு, அப்பளம் எல்லாம் பின்னால் வரும். அதனால் ஆள் எண்ணிக்கை இங்கே சரியான அளவே இல்லை. எது எதோடு சேர்ந்து மடங்காகிறது என்று முதலில் பார்க்காவிட்டால், சரியாகப் பெருக்கியும் தப்பான விடைதான் வரும். பாடநூல் கணக்கில் அந்த முடிவை நமக்காக யாரோ முன்பே எடுத்துவைத்து விடுகிறார்கள்.

பரிமாறும் கரண்டியை அப்பத்தாவிடம் கேட்டோம். அன்று சாயந்திரம் வீட்டுப் பொங்கலை அந்தக் கரண்டியால் எண்ணிப் பார்த்து வரச் சொன்னேன். பதினைந்து கரண்டி வந்தது. பந்திக்கு ஆளுக்கு ஒரு கரண்டி, அதோடு மறு சோறு மாதிரி இரண்டாம் தடவை கேட்பவர்களுக்காக முப்பது கரண்டி, மொத்தம் 150. பதினைந்துக்கு 150, பத்து மடங்கு. அரிசி 2 கிலோ, பருப்பு அரை கிலோ, வெல்லம் 3 கிலோ, நெய் அரை கிலோ. அப்பத்தா தலையாட்டினார். அவர் மனதில் வைத்திருந்த அரிசியும் இரண்டு கிலோதான்.

இங்கே ஒரு சின்னச் சிக்கல் வந்தது. புதுப் பட்டியலிலும் அரிசிக்கும் பருப்புக்கும் நான்குக்கு ஒன்று வருகிறதா என்று சரிபார்க்கச் சொன்னபோது, பலர் 2 : 500 என்று எழுதி 1 : 250 என்று சுருக்கிவிட்டார்கள். ஒரு மணி அரிசிக்கு 250 மணி பருப்பா என்று கேட்டதும் சிரித்துவிட்டு, 2000 : 500 என்று மாற்றினார்கள். அலகு ஒன்றாக இருக்க வேண்டும் என்பதை விதியாகச் சொல்வதைவிட, வந்த விடையை வைத்துப் பொங்கலைக் கற்பனை செய்யச் சொல்வது நன்றாக வேலை செய்கிறது.

தண்ணீரில் மட்டும் அப்பத்தா எங்களோடு ஒத்துப்போகவில்லை. ஆறு டம்ளர் என்றால் பத்து மடங்கு அறுபது. அவர் ஐம்பது போதும், பக்கத்தில் ஒரு பாத்திரம் வெந்நீர் இருக்கட்டும், அரிசி கேட்டால் ஊற்றிக்கொள்ளலாம் என்றார். பிள்ளைகளுக்கு இது ஏமாற்றமாக இருந்தது. காரணத்தை யோசிக்கவைத்தேன். ஆறு டம்ளரில் ஒரு பகுதி ஆவியாகப் போகிறது. அண்டாவுக்குள் இருப்பது பத்து மடங்கு, ஆனால் ஆவி வெளியேறும் வாய்ப்பரப்பு பத்து மடங்கு பெரிதில்லை. அதனால் அந்த இழப்பு அதே விகிதத்தில் கூடாது. பச்சைக் கற்பூரத்தையும் பத்து மடங்கு போட்டால் கசந்துவிடும், ஒரு சிட்டிகையைக் கொஞ்சம் பெரிய சிட்டிகையாக்கினால் போதும் என்றார். வீட்டில் முக்கால் மணி நேரம் ஆகிறதே, அங்கே ஏழரை மணி நேரமா என்று ஒருத்தி கேட்டாள். அப்பத்தா அதற்கும் பதில் வைத்திருந்தார். அடுப்பு பெரிது, அதனால் ஒன்றரை மணி நேரம். வெல்லப்பாகை மட்டும் அரிசி நன்றாகக் குழைந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், முன்னால் ஊற்றினால் அதற்குமேல் அரிசி வேகாது.

நோட்டில் இரண்டு பத்தி போடவைத்தேன். பெருக்கிப் போடுவது ஒரு பக்கம், பார்த்துப் போடுவது இன்னொரு பக்கம். தண்ணீர், கற்பூரம், நேரம் மூன்றும் இரண்டாவது பத்தியில் ஏறின.

காதுகுத்து முடிந்த திங்கட்கிழமை, அண்டாவில் ஏழெட்டுக் கரண்டிதான் மிச்சம் என்று தகவல் வந்தது. அந்த வாரத் தேர்வில் மூன்று பேனா 12 ரூபாய், ஐந்து பேனா எவ்வளவு என்று கேட்டிருந்தேன். 31 பேரில் நான்கு பேர் 14 என்று எழுதினார்கள். அந்த நான்கு பேரும் பானகக் கேள்வியைச் சரியாகச் செய்தவர்கள்தான். ருசி இல்லாத இடத்தில் கூட்டல் திரும்ப வந்துவிடுகிறது. அவர்களை மட்டும் இப்போது மதிய இடைவேளையில் உட்காரவைத்து, ஒரு பேனாவுக்கு எவ்வளவு, ஒரு கரண்டிக்கு எவ்வளவு என்று இரண்டு கணக்கையும் பக்கத்துப் பக்கத்தில் எழுதவைக்கிறேன். இரண்டு பேருக்குப் பிடிபட்டிருக்கிறது.