சிவிடி விளக்கை நாலு தடவை அழித்தேன், அஞ்சாவது தடவை ஆயில் பேனைக் கழற்றிவிட்டேன்

செகண்ட் ஹேண்டில் வாங்கியது சிவிடி கார், கியருக்குப் பதில் ரெண்டு புல்லிக்கு நடுவே ஒரு இரும்பு பெல்ட் ஓடும். அதில் கியர்பாக்ஸ் எச்சரிக்கை விளக்கு மறுபடி எரிந்தது. ஸ்கேனரில் அதே P0868 எரர் கோடு, கியர்பாக்ஸ் ஆயில் பிரஷர் குறைவு, அதாவது பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற அழுத்தம் போதவில்லை. இதற்கு முன்னால் நாலு தடவை கிளியர் அடித்து ஓட்டியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ரெண்டு மூணு நாள் சும்மா இருக்கும், அப்புறம் புதுச்சேரி போய்த் திரும்பும்போது கன்னியக்கோயில் தாண்டியதும் எரியும்.

கிளியர் அடித்தது பெரிய தப்பு. கோடு விழுந்த நேரத்தில் என்ன வேகம், என்ன ஆர்பிஎம், எஞ்சின் எவ்வளவு சூடு என்று பதிவாகியிருக்கும், அதுவும் கோடோடு சேர்ந்து அழிந்துவிடும். இன்னொன்று, விளக்கு எரியும்போது வண்டி மந்தமாக இழுத்ததே, அது பெல்ட்டைக் காப்பாற்றத்தான் வண்டியின் கம்ப்யூட்டர் எஞ்சின் இழுவையைக் குறைத்திருக்கிறது. நான் அதை அழித்துவிட்டு முழு இழுவையையும் வழுக்குகிற பெல்ட் மேலேயே ஏற்றிக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை அழிக்காமல் அக்கா மகனை ஸ்கேனரோடு பக்கத்தில் உட்காரவைத்து கேப்பர் மலை ஏற்றத்தில் ஓட்டினேன். சிவிடியில் ஆர்பிஎம் ஏறி நிற்க, வேகம் பின்னாலேயே வருவது சகஜம், அதை வைத்து வழுக்கல் என்று சொல்ல முடியாது. ரெண்டு புல்லியின் வேகத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். எஞ்சின் பக்கத்து முதல் புல்லி 2,100, சக்கரப் பக்கத்து ரெண்டாவது 1,900, அதாவது விகிதம் 1.1. ஆக்சிலரேட்டரில் கால் அப்படியே இருக்க, முதல் புல்லி மட்டும் சட்டென்று 2,600க்குத் தாவியது. ரெண்டாவது அதே 1,900. கியர்பாக்ஸ் கேட்ட விகிதம் 1.1லேயே நிற்கிறது, நடப்பதோ 1.37. "மாமா, நீங்க கால அசைக்கவே இல்லையே" என்றான். அதோடு ஒரு உதறல், கூடவே ஊளை மாதிரி ஒரு சத்தம். அங்கேயே திருப்பிவிட்டோம்.

வந்ததும் கியர்பாக்ஸின் அடியில் ஆயில் தேங்கும் பேனைக் கழற்றினேன். அதற்குள் இருக்கும் காந்தத்தில் மை மாதிரி சாம்பல் பசை இருந்தால் பரவாயில்லை, அது தேய்மானத்தில் வருவது. என்னுடையதில் பசையைத் துடைத்த பிறகும் நகத்தில் சுருக்கென்று குத்துகிற வெள்ளிச் செதில்கள். பெல்ட் வழுக்கினால் இரும்பு உதிரும், உதிர்ந்தது ஆயிலோடு சுற்றி புல்லி முகத்தைக் கீறும், வால்வைச் சிக்கவைக்கும், பிரஷர் இன்னும் குறையும், பெல்ட் இன்னும் வழுக்கும். நாலு தடவை அழித்ததில் இந்தச் சுற்றைத்தான் வளர்த்திருக்கிறேன்.

ஆயிலுக்கு அலைந்ததைச் சொல்லியே ஆக வேண்டும். பாண்டியில் ஒரு கடையில் சாதாரண ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸுக்கு ஊற்றும் ஏடிஎஃப் ஆயிலையே "எல்லாம் ஒண்ணுதான் சார்" என்று எடுத்து வைத்தார்கள். ஒண்ணு இல்லை, இரும்பு பெல்ட் இரும்பு புல்லியைப் பிடிக்கிற பிடிமானம் ஆயிலைப் பொறுத்தது. கையேட்டில் போட்டிருக்கும் வகையைச் சென்னையிலிருந்து வரவழைக்கிறேன்.

பேன் கேஸ்கெட் வந்ததும் மூடுவதாக இல்லை, முதலில் சின்ன கேமராவை உள்ளே விட்டுப் புல்லி முகத்தில் கீறல் இருக்கிறதா என்று பார்க்கப்போகிறேன். கீறல் இருந்தால் ஆயில் மாற்றிப் பிரயோசனம் இல்லை, பெல்ட்டும் புல்லியும் சேர்ந்தே மாற வேண்டும். அதுவரை வண்டி ஜாக்கி ஸ்டாண்டில்தான்.