செப்புச் சாமானுக்கு வயது போட்ட கதை

அப்பாவுக்கு மரக் கடைசல் வேலை. அம்மி, ஆட்டுக்கல், திருகை, அடுப்பு, பானை, கரண்டி என்று பன்னிரண்டு உருப்படி கொண்ட செப்புச் சாமான் செட், அப்புறம் கிலுகிலுப்பை, இந்த இரண்டையும் ஆன்லைனில் ஏற்றும் வேலை என் தலையில் விழுந்தது. போட்டோ எடுத்து, விலை போட்டு, வயது என்ற இடத்தில் யோசிக்காமல் ‘1 முதல் 8 வயது’ என்று அடித்தேன். வயது வரம்பு பெரிதாக இருந்தால் நிறையப் பேர் வாங்குவார்கள் என்று கணக்கு. எச்சரிக்கைக் கட்டத்தில், பக்கத்துக் கடைக்காரர் போட்டிருந்த ‘3 வயதுக்குட்பட்டோருக்கு ஏற்றதல்ல’ என்ற வரியை அப்படியே ஒட்டிவிட்டேன். நான்காம் நாள் பட்டியல் முடங்கியது. ஒரு வயதுக் குழந்தைக்கு என்று மேலே இருக்கிறது, கூடாது என்று கீழே இருக்கிறது, இரண்டில் எது உண்மை என்று கேட்டால் என்ன சொல்வது?

ஐ.எஸ்.ஐ. முத்திரை பிரச்சினை தனி. 14 வயதுக்குட்பட்டவர்களுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் அது கட்டாயம். அப்பா கைவினைஞராகப் பதிவு செய்திருப்பதால் அவர் செய்து விற்பதற்கு விலக்கு உண்டு, அந்த அட்டையை ஏற்றியதும் அது முடிந்தது. ஆனால் விலக்கு முத்திரைக்குத்தான், குழந்தையின் தொண்டைக்கு இல்லையே. வயதை எப்படி முடிவு செய்கிறார்கள் என்று அப்போதுதான் தேடினேன்.

3 வயதுக்குட்பட்ட குழந்தை விழுங்கினால் மூச்சடைக்கும் அளவுக்குச் சிறு பாகம் எதுவும் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி, அதைப் பார்க்க ஓர் அளவுக் குழாய் இருக்கிறது. உள் விட்டம் 31.7 மி.மீ., அடிப்பாகம் சாய்வாக இருக்கும், ஒரு பக்கம் 25.4 மி.மீ. ஆழம், எதிர்ப்பக்கம் 57.1 மி.மீ. பொருளை எப்படித் திருப்பிப் போட்டாலும் சரி, அழுத்தாமல் முழுசாக உள்ளே அடங்கிவிட்டால் அது சிறு பாகம். தடிமனான அட்டையைச் சுருட்டி, அடியில் சாய்வாகக் களிமண் வைத்து ஒன்று செய்துகொண்டேன். பானையும் அடுப்பும் நின்றுவிட்டன. அம்மிக் குழவி, மூன்றரை செ.மீ. நீளம், விரல் தடிமன்கூட இல்லை, சத்தமில்லாமல் உள்ளே போய் உட்கார்ந்தது. திருகைக் கைப்பிடியும் கழன்று வந்து அதன் பின்னாலேயே போனது. அப்பாவிடம் காட்டினால், “நீயும் உன் தம்பியும் இதைக் கடிச்சுத்தானே வளந்தீங்க” என்கிறார். பதில் சொல்லவில்லை, குழவியை இன்னொரு முறை போட்டுக் காட்டினேன், பேசாமல் போய்விட்டார்.

ஆக, செட்டுக்கு 3 வயது என்பது நான் தேர்ந்தெடுத்த எண் இல்லை, குழவி சொன்ன எண். மாற்றியபோதும் கோட்டைவிட்டேன்: அந்தக் கட்டம் மாதக் கணக்கில் கேட்கிறது, 36 என்று போட வேண்டிய இடத்தில் 3 என்று போட்டதால் செட் மூன்று மாதக் குழந்தைக்கு என்று ஒரு நாள் முழுக்க ஓடியது. எச்சரிக்கையை இப்படி எழுதினேன்: ‘எச்சரிக்கை: 3 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு ஏற்றதல்ல. சிறிய பாகங்கள் உள்ளன, விழுங்கினால் மூச்சடைக்கும்.’ வெறும் ‘ஏற்றதல்ல’ என்று மட்டும் இருந்தால், விளையாடத் தெரியாது என்பதற்காகச் சொல்கிறார்கள் போல, எங்கள் பிள்ளை கெட்டிக்காரன் என்று நினைத்துப் பெற்றோர் வாங்கிவிடுகிறார்கள். காரணம் தெரிந்தால் யோசிப்பார்கள்.

வலித்தது தேடுசொற்களில். ‘முதல் பிறந்தநாள் பரிசு’ என்ற சொல்லில்தான் பாதி ஆர்டர் வந்துகொண்டிருந்தது. அதை வைத்துக்கொண்டு கீழே 3 வயது என்று எழுதினால் எழுதியதே வீண். எடுத்துவிட்டேன். என் அக்கா மகன், பதினாலு மாதம், கரண்டியை வாயில் வைத்திருக்கும் அழகான போட்டோவையும் நீக்கினேன், அதுவும் ஒரு வயது விளம்பரம்தானே. ‘நச்சு இல்லாதது’ என்ற வார்த்தையும் போனது. அரக்குச் சாயத்தில் ஈயம் இல்லை என்று சோதனை அறிக்கை கையில் இல்லாமல் அதை எப்படி எழுதுவது?

கிலுகிலுப்பைக்கு இந்த வழி எதுவும் உதவவில்லை. தெரிந்த வியாபாரி ஒருவர் அதற்கும் 3 வயது போட்டுவிடு, தொல்லை விட்டது என்றார். மூன்று வயதுப் பிள்ளை கிலுகிலுப்பை ஆட்டுமா? யார் விளையாடுவார்கள் என்பதைப் பொருளே சொல்கிறது, அட்டையில் என்ன எழுதினாலும் அது கைக்குழந்தைக்குத்தான். அந்த வயதுக்குச் சிறு பாகமே கூடாது, எச்சரிக்கை எழுதித் தப்பிக்க முடியாது. போட்டும் இழுத்தும் பார்த்த பிறகும் எதுவும் கழன்று வரக்கூடாது. அப்பா கூழாங்கல்லை உள்ளே போட்டு மர அடைப்பை ஒட்டியிருந்தார். நாலு முறை தரையில் போட்டேன், ஐந்தாவதில் அடைப்பு தெறித்து, கல் அலமாரிக்கு அடியில் உருண்டுவிட்டது.

இப்போது அடைப்பே இல்லாமல், ஒரே கட்டையில் வளையங்களைக் கடைந்து, அவை ஒன்றோடொன்று மோதிச் சத்தம் வருகிற மாதிரி அப்பா ஒன்று செய்து பார்க்கிறார். ஆய்வக அறிக்கை வரும்வரை அந்தப் பக்கம் வரைவிலேயே கிடக்கட்டும் என்று விட்டிருக்கிறேன், வயதுக் கட்டம் காலியாக.