மதுரை ஸ்டாப் பெயர்களும் சிடிசியும்: ஃபிரேம் போதாமல் போகும் இடம்

டவுன் பஸ் கண்டக்டர் கூவும் ஸ்டாப் பெயர்களை எழுத்தாக்கும் சிறு மாடல் இது. ஒவ்வொரு துண்டு ஒலிக்கும் ஒரு பெயர்தான் குறித்து வைத்திருக்கிறோம். எந்த எழுத்து எந்த மில்லிநொடியில் ஒலிக்கிறது என்று யாரும் குறிக்கவில்லை. அந்த வேலையை சிடிசி லாஸ் பார்த்துக்கொள்கிறது. எழுத்துகள் வரிசை மாறாமல் ஃபிரேம்களில் உட்காரக்கூடிய எல்லா வழிகளின் நிகழ்தகவையும் அது கூட்டிவிடும்.

ஒலி 16 கிலோஹெர்ட்ஸ், மோனோ. 10 மில்லிநொடிக்கு ஒரு ஃபிரேம், ஃபிரேமுக்கு 80 மெல் மதிப்புகள். அதன்மேல் ஸ்ட்ரைட் 2 உள்ள கன்வல்யூஷன் இரண்டு, பிறகு இருதிசை எல்எஸ்டிஎம். ஆக, வெளியே வரும் ஒரு ஃபிரேம் 40 மில்லிநொடி. சிக்கல் தொடங்குவது இங்கேதான்.

"மாட்டுத்தாவணி" என்பதை கண்டக்டர் ஒரே மூச்சில் 0.45 நொடியில் சொல்லி முடிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 45 ஃபிரேம் முதல் கன்வல்யூஷனில் 23 ஆகி, இரண்டாவதில் 12 ஆகிறது. பெயரை யூனிகோட் குறிகளாகப் பிரித்தால் புள்ளியும் துணைக்காலும் தனித்தனி. மொத்தம் 13 வரும். 12 ஃபிரேமில் 13 குறிகளை உட்கார வைக்க ஒரு வழிகூட இல்லை, லாஸ் `inf` ஆகிவிடும். எழுத்தாகப் பிரித்தால் மா, ட், டு, த், தா, வ, ணி என ஏழுதான். தாராளமாக இடம் இருக்கிறது.

நீளம் மட்டுமே கணக்கில்லை. ஒரே குறி அடுத்தடுத்து வந்தால் நடுவில் ஒரு பிளாங்க், அதாவது "இங்கே எழுத்து எதுவும் இல்லை" என்னும் குறி, கட்டாயம். இல்லாவிட்டால் டிகோட் செய்யும்போது இரண்டும் ஒன்றாகச் சுருங்கிவிடும். பிளாங்கை \_ என்று எழுதினால், மூன்று ஃபிரேமில் "த, ன" என்ற இரண்டை வைக்க ஐந்து வழி உண்டு: ததன, தனன, \_தன, த\_ன, தன\_. "த, த" வைக்கவோ த\_த என்ற ஒரே வழிதான். "தத்தனேரி"யின் முதல் இரண்டு யூனிகோட் குறிகளும் த, த. அதனால் 8 குறிக்கு 9 ஃபிரேம் வேண்டும். பிளாங்க் நழுவினால் திரையில் "த்தனேரி" என்று வரும். எழுத்தாகப் பிரித்தால் த, த், த, னே, ரி. அடுத்தடுத்து ஒன்றுபோல் எதுவும் இல்லை, 5 ஃபிரேம் போதும்.

பயிற்சிக்கு முன் ஒவ்வொரு துண்டையும் இப்படிச் சோதிப்பது நல்லது:

```python
import regex, unicodedata

def letters(s):
    return regex.findall(r"\X", unicodedata.normalize("NFC", s))

def need(u):
    return len(u) + sum(a == b for a, b in zip(u, u[1:]))
```

`NFC` அவசியம். "கொ" சில கோப்புகளில் ஒற்றைக்கொம்பும் துணைக்காலும் தனித்தனியாகப் பதிவாகியிருக்கும். மாடலுக்கு அது வேறொரு எழுத்து.

`need` தரும் எண், சுருங்கிய ஃபிரேம் எண்ணிக்கையைவிடப் பெரிதாக இருந்தால் அந்தத் துண்டு பயிற்சிக்கு உதவாது. பைடார்ச்சின் `CTCLoss`-ல் `zero_infinity=True` வைத்தால் பயிற்சி நிற்காமல் ஓடும், ஆனால் அந்தத் துண்டிலிருந்து மாடல் எதையும் கற்காது. வேகமாகச் சொன்னவை மட்டும் சத்தமில்லாமல் கழிந்துபோகும். நமக்கு முக்கியமானவையே அவைதான். இருபுறமும் மௌனம் ஒட்டி நீட்டினாலும் `inf` மறையும், ஆனால் மாடல் எழுத்துகளை அந்த மௌனத்துக்குள் தள்ளிவிட இடம் கிடைத்துவிடும். ஸ்ட்ரைட்டைக் குறைப்பதுதான் நேர்மையான வழி. மொத்தச் சுருக்கம் 8 ஆனால் மாட்டுத்தாவணிக்கு 6 ஃபிரேம்தான் மிஞ்சும், ஏழு எழுத்துக்கே பற்றாது.

எழுத்துப் பிரிப்புக்கும் விலை உண்டு. தமிழின் 247-ல் பல எழுத்துகள் ஸ்டாப் பெயர்களில் ஓரிரு தடவையே வரும், பல வரவே வராது. பெயர்ப் பட்டியல் சிறியதாக இருக்கும்வரை இதனால் தொல்லையில்லை. எந்தப் பேச்சையும் எழுத வேண்டுமென்றால் யூனிகோட் குறியும் 20 மில்லிநொடி ஃபிரேமும்தான் சரி என்பது எங்கள் கணிப்பு.

தொடக்கத்தில் லாஸ் சரசரவென இறங்கி ஓரிடத்தில் நின்றுவிடும். வெளியீடு முழுக்க பிளாங்காக இருக்கும். இது வழக்கம்தான், கொஞ்சம் ஓடவிட வேண்டும். சந்தேகம் வந்தால் பத்துத் துண்டுகளை மட்டும் கொடுத்துப் பாருங்கள். அவற்றைக்கூட மனப்பாடம் செய்யவில்லை என்றால் கோளாறு வேறு இடத்தில். முதலில் பார்க்க வேண்டியது `input_lengths`: சுருங்கிய பிறகான, துண்டுக்குத் துண்டு மாறும் உண்மையான நீளம் அதில் போக வேண்டும். அடுத்தது, 0 எண் பிளாங்குக்கு மட்டும்தானா, ஏதாவது எழுத்தும் அதில் உட்கார்ந்திருக்கிறதா என்பது.

பயிற்சி முடிந்ததும் வெளியீட்டை வரைந்து பார்த்தால், ஒவ்வொரு எழுத்தும் ஓரிரு ஃபிரேமில் மட்டும் கூராக எழும்பும். மிச்சமெல்லாம் பிளாங்க். "மா" எவ்வளவு நீண்டு ஒலித்தாலும் முனை ஒன்றுதான். அதனால் இதை வைத்து நெடில் குறிலின் கால அளவை எடுக்க முடியாது. பிளாங்க் என்றால் மௌனம் என்றும் பொருள் இல்லை. ஓடும் ஒலியிலிருந்து ஸ்டாப் பெயரை வெட்டி எடுக்க முதல் முனைக்கு முன்னும் கடைசி முனைக்குப் பின்னும் 100 மில்லிநொடி விட்டுத் தொடங்கலாம். கடைசி "ணி" இழுபட்டு வெட்டில் அறுந்தால், பின்பக்கத்தை மட்டும் கூட்டிக்கொள்ளலாம்.