ஒன்றிய அலுவலகத்திலிருந்து கட்டுமான நிறுவனத்துக்கு: ரெஸ்யூமேயில் எதை எப்படி எழுதுவது

ஊரக வளர்ச்சித் துறையில் உதவிப் பொறியாளராக இருந்துவிட்டு தனியார் கட்டுமான நிறுவனத்துக்கு வந்தவன் நான். இப்போது அதே வழியில் வர நினைக்கும் நண்பர்கள் ரெஸ்யூமேயை அனுப்பிப் பார்க்கச் சொல்கிறார்கள். பெரும்பாலும் முதல் வரி இப்படி இருக்கிறது: "உதவிப் பொறியாளர், ஊராட்சி ஒன்றியம். பிரதமர் வீட்டு வசதித் திட்டம், நூறு நாள் வேலை, எம்.எல்.ஏ. நிதிப் பணிகள்." நமக்கு இதில் எல்லாமே இருக்கிறது. ஹெச்.ஆர். கண்ணுக்கு இதில் ஒன்றுமே இல்லை.

திட்டத்தின் பெயரை விடுங்கள். அந்தத் திட்டத்தில் வேலையைச் செய்தது யார் என்று பாருங்கள். வீட்டு வசதித் திட்டத்தில் வீட்டைக் கட்டுவது பயனாளியே. நாம் இடத்தைப் பார்த்து, அடித்தளம், லிண்டல், கூரை என்று ஒவ்வொரு நிலையையும் ஆய்வு செய்து, புகைப்படத்தோடு பதிவேற்றிய பிறகுதான் அடுத்த தவணை போகும். அதனால் "200 வீடுகள் கட்டினேன்" என்று எழுதாதீர்கள். திட்டம் தெரிந்தவர் எதிரே உட்கார்ந்திருந்தால் இரண்டாவது கேள்வியிலேயே அது உடைந்துவிடும். "பல ஊர்களில் ஒரே நேரத்தில் நடந்த 200 வீடுகளின் பணி நிலையை ஆய்வு செய்து, தவணை விடுவிக்கச் சான்றளித்தேன்" என்று எழுதலாம். பல தளங்களைக் கண்காணித்து பில்லுக்குச் சான்று கொடுப்பவர் எந்த நிறுவனத்துக்கும் தேவை.

நூறு நாள் வேலையில் ஒப்பந்ததாரர் கிடையாது. கூலிக்கும் பொருளுக்கும் 60:40 விகிதம் தாண்டாமல் மதிப்பீடு போட்டு, செய்த வேலையை அளந்து, அதன்படி கூலி கணக்கிட்டோம். இது தொழிலாளர் அளவீடும் செலவுக் கட்டுப்பாடும். சாலை, கட்டடப் பணிகள்தான் டெண்டர் வழியாகப் போனவை. மதிப்பீடு, தொழில்நுட்ப அனுமதி, டெண்டர், எம்-புக், பில் என்ற முழு வரிசையும் அங்கேதான் இருக்கிறது. பில்லிங் இன்ஜினியர் வேலைக்குப் போகிறவர் இந்தப் பகுதியை மேலே கொண்டுவந்து, ஒரே ஒரு சாலையை எடுத்து விரிவாக எழுதட்டும்: எத்தனை மீட்டர், எவ்வளவு தொகை, எம்-புக்கில் நீங்கள் எழுதிய அளவை யார் சரிபார்த்தார், ஒப்பந்ததாரர் கேட்ட அளவுக்கும் நீங்கள் ஏற்றுக்கொண்ட அளவுக்கும் எங்கே வித்தியாசம் வந்தது. நேர்காணலில் பேச்சு அந்தச் சாலையைச் சுற்றியே போகும்.

அப்புறம் கிரேடு. சம்பள அட்டவணையின் லெவல் எண்ணை ரெஸ்யூமேயில் போடவே வேண்டாம். தமிழக அரசின் அட்டவணையில் 32 லெவல்கள் உண்டு, மத்திய அரசின் அட்டவணை 18-இல் முடிந்துவிடும். 56,100 ரூபாயில் தொடங்கும் பதவி மாநிலத்தில் லெவல் 22, மத்தியில் லெவல் 10. அரசு வேலை தெரிந்தவரே குழம்புவார். பதவிப் பெயரில் 'உதவி' இருப்பதால் நம்மை யாருக்கோ கைவேலை செய்தவராக நினைக்கவும் வாய்ப்புண்டு. அதற்குப் பதிலாக மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள்: உங்களுக்குக் கீழே எத்தனை மேற்பார்வையாளர்கள், ஆண்டுக்கு எவ்வளவு தொகைக்கான பணி உங்கள் கையெழுத்தில் போனது, உங்களுக்கு மேலே யார். இதை வைத்துத்தான் அவர்கள் உங்களை சைட் இன்ஜினியரா, புராஜெக்ட் மேனேஜரா என்று தீர்மானிப்பார்கள்.

கடைசியாக சம்பளம். "இப்போதைய சி.டி.சி. என்ன?" என்று கேட்டால் பலர் சம்பளச் சீட்டின் மொத்தத் தொகையைச் சொல்கிறார்கள். சி.டி.சி. என்பது நிறுவனம் ஓர் ஊழியருக்காகச் செய்யும் மொத்தச் செலவு; சம்பளச் சீட்டின் தொகை அதைவிடக் குறைவான எண். ஓர் உதாரணம்: அடிப்படைச் சம்பளம் 50,000, அகவிலைப்படி 50 சதவீதம் என்று வைத்தால் 25,000, வீட்டு வாடகைப்படி 5,000. மொத்தம் மாதம் 80,000, ஆண்டுக்கு 9.6 லட்சம். நீங்கள் பங்களிப்பு ஓய்வூதியத்தில் இருந்தால், அடிப்படையும் அகவிலைப்படியும் சேர்ந்த 75,000-க்கு அரசு தன் பங்காக 10 சதவீதம், அதாவது 7,500 போடுகிறது. தனியார் நிறுவனம் தன் பி.எஃப். பங்கையும் பெரும்பாலும் கிராஜுவிட்டியையும் சி.டி.சி.க்குள்ளேயே வைத்துச் சொல்லும். எனவே நீங்களும் சேர்த்துச் சொல்லுங்கள்: 10.5 லட்சம்.

இதே கணக்கைத் திருப்பியும் போட வேண்டும். அவர்கள் 12 லட்சம் என்றால், பி.எஃப்., கிராஜுவிட்டி, வருட இறுதியில்தான் தெரியும் ஊக்கத்தொகை எல்லாம் போக மாதம் கைக்கு எவ்வளவு என்று எழுத்தில் கேளுங்கள். அகவிலைப்படி உயர்வு அங்கே கிடையாது.

சேரும் தேதியையும் அவசரப்பட்டு ஒப்புக்கொள்ளாதீர்கள். தணிக்கைத் தடை ஏதாவது நிலுவையில் இருந்தால் ராஜினாமா ஏற்பு ஆணை நகராது. எம்-புக்குகளை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்குவதை முதலில் தொடங்குங்கள். ஆணை எப்போது வரும் என்று ஓரளவு தெரிந்த பிறகு தேதி சொன்னால் போதும்.