ஒரு பிட்ச் டெக் இத்தாலியனுக்குப் போன கதை: மார்ச் மாதக் குறிப்புகள்

மார்ச் 3, 2025, திங்கள்

புது வேலை வந்திருக்கிறது. கோயம்புத்தூரில் ஒரு ஸ்டார்ட்அப், சாயப்பட்டறைக் கழிவுநீரில் எவ்வளவு உப்பு போகிறது, எவ்வளவு தண்ணீரைத் திரும்ப எடுத்துப் பயன்படுத்தலாம் என்று ஓடும்போதே அளந்து சொல்லும் கருவி செய்கிறார்கள். திருப்பூர் பக்கத்தில் இருந்துகொண்டு இதை யோசிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 2011இல் உயர் நீதிமன்றம் அங்கே சாயப்பட்டறைகளை மூடச் சொன்னதிலிருந்து, கழிவை வெளியே விடாமல் சுத்திகரிப்பது அந்த ஊரின் அன்றாடத் தலைவலி. இத்தாலியிலும் கோமோ, பிராத்தோ, பியெல்லா என்று துணி ஊர்கள் இருப்பதால், துரினில் உள்ள சில முதலீட்டாளர்களிடம் பேசப் போகிறார்கள். அங்கே திரையில் காட்டும் பிட்ச் டெக்கை இத்தாலியனுக்கு மாற்றுவது என் வேலை. 14 ஸ்லைடு, மூலம் ஆங்கிலம். ரகசிய ஒப்பந்தம் இருப்பதால் இங்கே நான் எழுதும் தொகைகளெல்லாம் மாற்றியவை.

மொழிபெயர்க்க உட்காரும் முன்னால் நிறுவனரைப் போனில் பிடித்து ஒவ்வொரு ஸ்லைடாகக் கேட்டேன். முதல் ஸ்லைடிலேயே நிற்க வேண்டியதாயிற்று. “புதுமையான ஸ்டார்ட்அப்” என்று தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். எல்லோரும் சொல்வதுதான். ஆனால் இத்தாலியில் ‘ஸ்டார்ட்அப் இன்னொவத்தீவா’ என்பது 2012ஆம் ஆண்டின் 179ஆம் எண் அவசரச் சட்டம் உண்டாக்கிய ஒரு சட்டத் தகுதி. வணிகப் பதிவேட்டில் அதற்குத் தனிப் பிரிவு உண்டு, அதில் உள்ள நிறுவனத்தில் பணம் போடுகிறவருக்கு வரிச் சலுகையும் உண்டு. கோயம்புத்தூரில் பதிவான பிரைவேட் லிமிடெட்டுக்கு அது கிடையாது. அப்படியே போட்டால், படிக்கிறவர் சலுகை இருக்கிறது என்று எண்ணி முதல் கேள்வியாக அதைத்தான் கேட்பார்.

“ஏனுங்க அக்கா, அந்த ஒரு வார்த்தையை எடுத்துட்டா நம்ம மதிப்பு குறையாதுங்களா?” என்றார் நிறுவனர். குறையாது, அந்த இடத்தில் இந்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் பெற்றது என்று போடலாம், அது உண்மை, காட்டச் சான்றிதழும் கையில் இருக்கிறது என்றேன். சரி என்றார்.

மார்ச் 4, செவ்வாய்

இன்று முழுக்க புல்லட் வரிகள்.

ஆங்கிலத்திலிருந்து இத்தாலியனுக்குப் போனால் வரி நீளும். அஞ்சில் ஒரு பங்கு கூடுவது சாதாரணம். ஸ்லைடில் பெட்டியின் அளவு மாறாது, அதனால் பவர்பாயின்ட் தானாகவே எழுத்தைச் சுருக்கிவிடும். அது நடப்பதே தெரியாது, 24இல் இருந்த எழுத்து 16க்கு வந்திருக்கும், கடைசி வரிசை நாற்காலியில் இருப்பவர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்ப்பார். முதல் காரியமாகத் தானாகச் சுருக்கும் வசதியை எல்லாப் பெட்டியிலும் அணைத்தேன். இப்போது நீளமான வரி பெட்டிக்கு வெளியே தொங்குகிறது, எதை வெட்ட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது.

வெட்டுவதில் இத்தாலியனே ஒரு வழி தருகிறது. ஆங்கில புல்லட் வினையில் தொடங்கும்: குறைக்கிறோம், கூட்டுகிறோம், தருகிறோம். இத்தாலியன் ஸ்லைடில் பெயர்ச்சொல்லை வைத்து நிறுத்துவதுதான் இயல்பு. மூலத்தில் இருந்தது “சாயப்பட்டறைகள் தங்கள் நன்னீர்ச் செலவை 30% வரை குறைத்துக்கொள்ள எங்கள் கருவி உதவுகிறது” என்ற வரி. முழு வாக்கியமாகப் போட்டால் இரண்டு வரி பிடிக்கும். நான் போட்டது “அக்குவா தோல்ச்சே: ஃபீனோ அ −30%”, அதாவது நன்னீர், முக்காற்புள்ளி, −30% வரை. கருவி என்று தலைப்பிலேயே இருக்கிறது, சாயப்பட்டறை என்று படத்திலேயே இருக்கிறது.

ஆனால் ‘வரை’ என்பதில் கை வைக்கக் கூடாது. வரியைக் குறுக்கும்போது முதலில் பலியாவது இப்படிப்பட்ட சின்னச் சொற்கள்தான்: வரை, சுமார், எதிர்பார்ப்பு. அவை போனால் வரி அழகாகிவிடும், கூற்று பொய்யாகிவிடும். ஏழாவது ஸ்லைடில் “9 வாடிக்கையாளர்கள்” என்று இருந்தது. கேட்டுப் பார்த்தால் அதில் நாலு பேர் கையெழுத்திட்ட ஒப்பந்தம், மீதி அஞ்சு பேர் வெறும் விருப்பக் கடிதம். மூலமே அப்படித்தான் என்று விட்டுவிடலாம்தான். நான் நிறுவனரிடம் சொல்லி இரண்டு வரியாகப் பிரிக்க வைத்தேன், ஏனென்றால் இங்கே இத்தாலியில் முதலீட்டாளர்கள் ஒப்பந்தங்களைக் கொடுங்கள் என்று கேட்பார்கள், அப்போது நாலுதான் வரும்.

அப்புறம் தலைப்புகள். ஒவ்வொரு சொல்லுக்கும் பெரிய எழுத்து போடும் ஆங்கில வழக்கம் இத்தாலியனில் இல்லை. முதல் சொல்லுக்கு மட்டும் போதும்.

மார்ச் 5, புதன்

எண்கள். இதற்குத்தான் பயந்துகொண்டிருந்தேன்.

டெக்கில் வருவாய் 8.1 கோடி ரூபாய். இந்திய முதலீட்டாளருக்கு ஒரு நொடியில் புரியும், துரினில் யாருக்கும் கோடி தெரியாது. கணக்குக்கு எளிதாக ஒரு யூரோ 90 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 8.1 கோடி என்றால் 81 மில்லியன் ரூபாய், அதை 90ஆல் வகுத்தால் 9 லட்சம் யூரோ, ஸ்லைடில் ‘0,9 mln €’. மாற்று விகிதம் எந்தத் தேதியுடையது என்று முதல் எண் ஸ்லைடின் அடியில் ஒரே ஒரு வரி, அதே விகிதம் கடைசிவரை. ஐரோப்பிய மத்திய வங்கி வேலைநாட்களில் ரூபாய்க்கும் விகிதம் வெளியிடுகிறது, அதை எடுத்தால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள்.

இத்தாலியனில் புள்ளியும் காற்புள்ளியும் இடம் மாறும்: தசமத்துக்குக் காற்புள்ளி, ஆயிரத்துக்குப் புள்ளி. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான், ஆனால் எல்லா எண்ணும் ஒரே மாதிரி ஆபத்தில்லை. ‘1.2’ என்று மாற்றாமல் விட்டுப்போனால், படிக்கிறவர் ஆங்கில வழக்கம் என்று ஊகித்துக்கொள்வார். புள்ளிக்குப் பின் மூன்று இலக்கம் வந்தால்தான் சிக்கல். வரைபடத்தில் அடுத்த ஆண்டுக் கணிப்பு ‘1.125’ மில்லியன் என்று இருந்தது. இத்தாலியர் கண்ணுக்கு அது ஆயிரத்து நூற்று இருபத்தைந்து மில்லியன், நூறு கோடி யூரோவுக்கு மேல். நான் ‘1,1’ என்று போட்டேன். எப்படியும் கணிப்பு, அதற்கு மூன்று தசமம் எதற்கு?

அதே பக்கத்தில் உலகச் சந்தை அளவு பில்லியனில் இருந்தது. அது இத்தாலியனில் மிலியார்தோ, சுருக்கமாக mld. ஒலியில் கிட்ட வரும் ‘பிலியோனே’ ஆயிரம் மடங்கு பெரியது.

முடித்ததும் டெக்கின் எழுத்தை மட்டும் தனிக் கோப்பாக எடுத்து இதைத் தேடினேன்:

```
\d\.\d\d?(?!\d)
\d,\d\d\d
```

முதல் வரி மாறாமல் நின்ற ஆங்கிலத் தசமங்களைப் பிடிக்கும், இரண்டாவது ஆயிரத்துக்குப் போட்ட காற்புள்ளிகளைப் பிடிக்கும். 1.125 போன்றது இந்த வலையில் சிக்காது, அதைக் கண்ணால்தான் பார்க்க வேண்டும். படமாக ஒட்டிய வரைபடமும் சிக்காது.

கழிவுநீரின் அளவு ஒரு நாளைக்கு இத்தனை கிலோலிட்டர் என்று இருந்தது. இங்கே யாரும் கிலோலிட்டரில் பேச மாட்டார்கள், கன மீட்டர்தான். நல்லவேளை இரண்டும் ஒன்றே, எண் மாறவில்லை.

மார்ச் 7, வெள்ளி

காலையில் நிதி ஸ்லைடைத் திரும்பத் திறந்தேன், அந்த FY25 உறுத்திக்கொண்டே இருந்தது.

இந்தியாவில் நிதியாண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடியும், FY25 என்றால் 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை. அதாவது இந்த மாதத்தோடு முடிகிறது, அந்த 0,9 மில்லியனில் பதினொரு மாதப் பணம் உண்மையிலேயே வந்துவிட்டது. இத்தாலிய நிறுவனங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கணக்காண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. ஆகவே 2025 என்று பார்க்கிறவர், இப்போதுதான் இரண்டு மாதம் ஆகியிருக்கிறது, மீதியெல்லாம் ஆசை என்று நினைப்பார். சம்பாதித்த பணம் கனவுக் கணக்காகத் தெரியும். எண் சரி, நாணயம் சரி, காற்புள்ளி சரி, ஆனாலும் அர்த்தம் தலைகீழ்.

‘ஏப்ரல் 2024–மார்ச் 2025’ என்று தூணுக்குக் கீழே நேராக எழுதி, அதில் பதினொரு மாதம் உண்மைக் கணக்கு என்று சிறிய எழுத்தில் சேர்த்தேன். காலாண்டுகளுக்கும் அப்படியே, மாதப் பெயரோடு. இடம் அதிகம் பிடித்தது, அதற்காக அந்த ஸ்லைடில் ஒரு புல்லட்டைத் தூக்க வேண்டியதாயிற்று. தூக்கியது “வலுவான வளர்ச்சி” என்ற வரி. தூண் உயர்வதைப் பார்த்தாலே தெரியும், அதைச் சொல்லவும் வேண்டுமா?

வருவாய்க்கு ‘ரிகாவி’ போட்டேன், ‘ஃபத்துராத்தோ’ போடவில்லை. இரண்டாவது, பில் போட்ட தொகை. இவர்கள் ஆண்டுச் சந்தாவுக்கு முன்கூட்டியே பில் போடுகிறவர்கள், அதனால் இரண்டும் வேறு வேறு எண். நிறுவனரிடம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

மார்ச் 10, திங்கள்

வங்கியில் வேலை பார்த்த இத்தாலியத் தோழி படித்துத் திருத்தினாள். அவளுக்குத் துணி பற்றி ஒன்றும் தெரியாது, அதனால்தான் அவளிடம் கொடுத்தேன். ரன்வே, பர்ன் ரேட், பிரீ-மணி மாதிரி முதலீட்டுச் சொற்கள் எல்லாவற்றையும் ஆங்கிலத்திலேயே விடு, இங்கே முதலீட்டாளர்கள் அப்படித்தான் பேசுகிறார்கள், மொழிபெயர்த்தால் பாடப்புத்தகம் மாதிரி இருக்கும் என்றாள். பணம் எதற்குச் செலவாகும் என்ற ஸ்லைடை மட்டும் நல்ல இத்தாலியனில் வை என்றாள்.

அவள் கவனித்த இன்னொன்று: இரண்டு இடத்தில் நான் சதவீதத்துக்கு முன்னால் ஆங்கில ‘the’ மாதிரியான சுட்டு போட்டிருந்தேன், ‘இல் 7%’ என்கிற மாதிரி. எண்ணை வாயால் சொல்லும்போது எந்த ஒலியில் தொடங்குகிறதோ, அதைப் பொறுத்து இந்தச் சுட்டு மாறும். 7 என்றால் ‘இல்’. 8, 11, 80 முதல் 89 வரை உயிரொலியில் தொடங்குவதால் வெறும் ‘ல்’ எண்ணோடு ஒட்டிக்கொள்ளும். யாராவது கடைசி நேரத்தில் 7ஐ 8 ஆக்கினால் இலக்கணமே உடைந்து நிற்கும். முக்காற்புள்ளி போட்டு எண்ணைத் தனியே நிறுத்திவிட்டால் தொல்லை இல்லை, அந்த இரண்டையும் அப்படியே மாற்றினேன்.

மார்ச் 11, செவ்வாய், இரவு

சொல்லி வைத்தாற்போல நிறுவனர் எண்களை மாற்றினார். சந்தைப் பங்கு இலக்கு 7 போய் 8, கேட்கும் தொகை கொஞ்சம் கூடியிருக்கிறது. எண்ணை மட்டும் மாற்றினேன், வரிகளைத் தொடவே தேவையில்லை. தொகை கூடினால் செலவுப் பங்கீடும் கூட வேண்டும் என்பதை மட்டும் நினைவூட்டினேன். வட்ட வரைபடத்தில் சதவீதங்கள் மொத்தம் 100 வருகிறதா என்று கூட்டிப் பார்த்தேன், 101 வந்தது, முழு எண்ணாக்கியதால் வந்த ஒன்று. பெரிய துண்டில் குறைத்தோம்.

பிடிஎஃப் ஆக்குவதை அவர்களிடம் விடவில்லை. வரைபட எண்களில் புள்ளி வருமா காற்புள்ளி வருமா என்பது கோப்பைத் திறக்கும் கணினியின் வட்டார அமைப்பைப் பொறுத்தது. கோயம்புத்தூர் மடிக்கணினியில் எடுத்துப் பார்த்த பிரதியில் எழுத்தெல்லாம் காற்புள்ளி, தூண்களின் மேல் மட்டும் புள்ளி. என் கணினியில் எடுத்து அனுப்பினேன்.

வியாழக்கிழமை அவர் ஆங்கிலத்தில்தான் பேசுவார், திரையில் இத்தாலியன். ஸ்லைடு எண்ணும், அதில் உள்ள தொகைகள் யூரோவிலும் ரூபாயிலும் எவ்வளவு என்பதும் ஒரு பக்கத்தில் அடித்து அனுப்பியிருக்கிறேன். கோடி என்று வாயில் வந்துவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னேன். “வந்துருமுங்க்கா, சத்தியமா வந்துரும்” என்றார்.