திருப்பிக் கொடுத்த முன்பணம்

எங்கள் மருத்துவமனையின் பித்தப்பை அறுவை சிகிச்சை பில் ஒன்றில், காப்பீட்டு நிறுவனம் பிடித்துக்கொண்ட 14,200 ரூபாய் முழுவதையும் தள்ளுபடிக் கணக்கில் எழுதலாம் என்று நான் குறிப்பு எழுதினேன். அந்தக் குறிப்பு சரிதானா என்ற கேள்வி இன்னும் என்னை விடவில்லை.

மொத்த பில் 1,86,000 ரூபாய். டிஸ்சார்ஜ் அன்று, காப்பீட்டு நிறுவனத்தின் சார்பில் பில்களைப் பரிசீலிக்கும் டி.பி.ஏ. இறுதி ஒப்புதலாகத் தந்தது 1,64,000. நோயாளியின் பங்கான 22,000 ரூபாயை 30,000 முன்பணத்தில் கழித்துவிட்டு, மீதி 8,000 ரூபாயை அவருடைய மகனிடம் திருப்பிக் கொடுத்தோம். "இனி எதுவும் கட்ட வேண்டியிருக்காதே, சார்?" என்று அவர் கேட்டார். "இல்லை" என்றேன்.

சில வாரங்களில் வங்கிக்கு வந்தது 1,34,820 ரூபாய்தான். குறைந்த தொகையில் 14,980 ரூபாய், ஏற்கப்பட்ட 1,49,800க்கு, பணம் தரும்போதே பிடிக்கப்படும் வரியான பத்து சதவீத டி.டி.எஸ். அது வரிக்கணக்கில் நமக்கு வரவேண்டிய பணம். புதிதாக வருபவர்கள் அதையும் சேர்த்துத் தள்ளுபடியில் எழுதிவிடுவதுண்டு. உண்மையில் மறுக்கப்பட்டது 14,200. அதில் 9,000, சிகிச்சைக்கு மொத்தமாகப் பேசிய பேக்கேஜ் கட்டணத்துக்குள் அடங்கிய ஒரு கருவிக்கு நாங்கள் தனியாகப் போட்ட கட்டணம். காப்பீட்டு நிறுவனத்துடனான ஒப்பந்தப்படி அதை நோயாளியிடம் கேட்கவே முடியாது. மீதி 5,200 ரூபாய் கையுறை, கவுன் போன்ற, பாலிசியில் சேராத பொருள்களுக்கானது. ஒப்புதல் தரும்போது கவனிக்காமல் விட்டதை, ஆவணங்களைச் சரிபார்க்கும்போது பிடித்திருந்தார்கள்.

"மறுக்கப்படும் தொகையைக் கட்டுகிறேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாரே, அந்த 5,200ஐ வாங்கிவிடலாமே" என்றார் கணக்கு மேலாளர். அவர் சொன்னதில் தவறில்லை. ஆனால் அந்த உறுதிமொழிப் படிவம் அட்மிஷன் பதற்றத்தில் கையெழுத்தானது. என் பதிலோ நிதானமாக, பணத்தை எண்ணிக் கொடுத்தபடியே சொன்னது. தொலைபேசியில் துரத்தி வாங்கும் செலவையும் காரணமாகக் காட்டினேன். அவர் ஒப்புக்கொண்டார், காப்பீட்டு நிறுவனத்தின் பேரேட்டில் முழுத் தொகையும் வரவு வைக்கப்பட்டு, பாக்கி முடிந்தது.

அதே மாதம் வேறொரு நோயாளிக்கும் இதே வகைப் பொருள்களுக்காக 4,600 ரூபாய் மறுக்கப்பட்டது. வங்கி விவரம் தராததால் அவருடைய முன்பணத்தில் 7,000 ரூபாய் எங்களிடமே கிடந்தது. அதிலிருந்து 4,600ஐக் கழித்து 2,400ஐ அனுப்பினோம். விதிப்படி அது சரியே. அவரும் கேள்வி கேட்கவில்லை, நானும் குறிப்பு எழுதவில்லை. இருவரும் ஒரே படிவத்தில்தான் கையெழுத்திட்டிருந்தார்கள். முதலாமவருக்கு நான் வாக்குக் கொடுத்திருந்தேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். இரண்டாமவர் அந்தக் கேள்வியைக் கேட்டிருந்தால் அவருக்கும் அதே பதிலைத்தானே சொல்லியிருப்பேன் என்று தோன்றும்போது, அந்தச் சமாதானம் நிற்பதில்லை. செட்டில்மென்ட் வரும்வரை எல்லோருடைய மீதியையும் நிறுத்திவைத்தால் இந்த வேறுபாடு வராது. ஆனால் வாரக்கணக்கில் பிறர் பணத்தை வைத்திருக்கும் அந்த முறையைப் பரிந்துரைக்கவும் எனக்கு மனம் வரவில்லை.