மெக்கானிக்கலில் இருந்து டேட்டாவுக்குப் போகிறவரின் அபவுட் பகுதி

தெரிந்த தம்பி ஒருவர் தன் லிங்க்ட்இன் அபவுட் பகுதியைப் பார்க்கச் சொன்னார். "டேட்டா மீது தீராத ஆர்வம் கொண்ட இன்ஜினியர்" என்று ஆரம்பித்திருந்தார். இதை யார் வேண்டுமானாலும் எழுதலாமே!

அந்தப் பகுதியில் 2,600 எழுத்துகள் வரை இடம் உண்டு. ஆனால் வெளியே தெரிவது முதல் சில வரிகள்தான். மீதியைப் பார்க்கச் சொடுக்க வேண்டும். அதனால் எந்த வேலைக்குப் போகிறோம், டேட்டாவை வைத்து ஏற்கெனவே என்ன செய்தோம் என்ற இரண்டும் அங்கேயே வந்துவிட வேண்டும்.

பேசிப் பார்த்ததில் விஷயம் அவரிடமே இருந்தது. இப்படி மாற்றினோம்:

"சிஎன்சி லேத் பிரிவிலிருந்து, உற்பத்தித் துறை டேட்டா அனலிஸ்ட் வேலைக்கு மாறுகிறேன். அளவீடுகளை மணிவாரியாகப் பிரித்தபோது, துளை விட்டம் விலகுவது மெஷின் ஓடத் தொடங்கிய முதல் ஒரு மணி நேரத்தில்தான் என்று தெரிந்தது. ஸ்பிண்டிலைச் சூடேற்றிவிட்டு உற்பத்தியைத் தொடங்கினோம், ரிஜெக்‌ஷன் குறைந்தது."

எத்தனை சதவீதம் என்று பதிவேட்டில் இருந்தால் போடலாம். குத்துமதிப்பாகப் போட்டால், "எத்தனை பீஸில்?" என்று நேர்காணலில் கேட்பார்கள்.

அப்புறம் கருவிகள். வெறும் பட்டியல் வேண்டாம். எக்செல் வேலையில் பயன்படுத்தியது, பைதான் சொந்த ப்ராஜெக்டில் பழகியது என்றால் அப்படியே பிரித்து எழுதலாம். வரைபடம் போடும் கேட் (CAD) மென்பொருள்களை அனுபவப் பகுதிக்குத் தள்ளிவிட்டோம். கடைசி வரியில் அந்த ப்ராஜெக்ட் இருக்கும் இடமும் மின்னஞ்சலும் போதும்.